மிச்ச நேரத்தைத் தூக்கிப் போடாதீர்கள்: பைகேமில் துடுப்பு அசைவும் மெதுவான சுற்றுகளும்

பென்னாகரத்தான் · ஜூலை 4, இரவு 9:20

பைகேமில் ஒரு சின்ன பரிசல் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒகேனக்கல் பாறை இடுக்கில் பரிசலை மோதாமல் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். பரிசல்காரர் துடுப்பு போடும் அசைவுக்கு எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் 100 மில்லிசெகண்ட். ஆக ஒரு துடுப்பு வீச்சுக்கு 800 மில்லிசெகண்ட்.

இந்த மாதிரி அசைவுக்குக் கிடைக்கிற உதாரணங்களில் பலவும் இப்படி இருக்கின்றன:

```python
self.neram += dt
if self.neram >= 100:
    self.neram = 0
    self.padam = (self.padam + 1) % 8
```

மூன்றாவது வரி தப்பு என்பது என் வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். என் மடிக்கணினியில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், அதாவது `dt`, 16 மில்லிசெகண்ட் வருகிறது. ஆறு சுற்றில் 96, இன்னும் நூறு ஆகவில்லை. ஏழாவது சுற்றில் 112. படம் மாறுகிறது, நேரம் பூஜ்யமாகிறது, கூடுதலாக வந்த 12 காணாமல் போகிறது. அதாவது நான் 100 என்று எழுதிய படம் உண்மையில் 112 நிற்கிறது. எட்டுப் படத்துக்கு 896. வீட்டில் இருக்கும் பழைய கணினியில் சுற்றுக்கு 45 வருகிறது. அங்கே மூன்று சுற்று சேர்ந்து 135 ஆன பிறகுதான் படம் மாறும், ஒரு வீச்சு 1080 ஆகிவிடும். ஒரே நிரல், ஒரே படங்கள், ஆனால் ஒரு கணினியில் பரிசல்காரர் சுறுசுறுப்பாக இருக்கிறார், இன்னொன்றில் களைத்துப் போயிருக்கிறார்.

பூஜ்யமாக்காமல் 100-ஐ மட்டும் கழித்தால் இது நின்றுவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான் · ஜூலை 4, இரவு 9:48

கழித்தால் என்ன நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதல் படம் ஏழு சுற்றில் 112, கழித்தால் மிச்சம் 12. அடுத்ததற்கு ஆறு சுற்று போதும்: 12 + 96 = 108, மிச்சம் 8. பிறகு 104, மிச்சம் 4. பிறகு சரியாக 100, மிச்சம் பூஜ்யம். ஏழு, ஆறு, ஆறு, ஆறு என்று 25 சுற்றில் நான்கு படம், மொத்தம் 400 மில்லிசெகண்ட். ஒரு படம் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கிறது, ஆனால் மொத்தத்தில் ஒரு மில்லிசெகண்ட் கூட நழுவவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லாமல் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவாரே, அதுதான் இந்த மாறி. எழுதி வைத்ததால் இறங்கும்போது கணக்கு நேராகிறது.

பாலக்கோடு மண்டி · ஜூலை 5, காலை 6:35

தம்பி, மூலக் காரணத்தை விட்டுவிட்டு எதற்கு இந்தச் சுற்று வழி? சுற்றுக்கு 45 வருகிறது என்றால் நிரல் மெதுவாக ஓடுகிறது. படங்களை ஏற்றும்போது `convert_alpha()` போட்டாயா? எழுத்தை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக `render` பண்ணுகிறாயா? அதையெல்லாம் சரி பண்ணினால் எல்லாக் கணினியிலும் 16 வந்துவிடும். அப்புறம் மிச்சத்தைச் சேர்த்து வைக்கிற இந்த அக்குமுலேட்டர் எதற்கு? எங்கள் மண்டிக்கு நான் எழுதிய பில் நிரலில் இதே மாதிரித்தான், திரையைத் தேவையில்லாமல் வரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் பறக்கிறது.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 5, காலை 8:10

மண்டி அண்ணன் சொன்ன இரண்டும் செய்ய வேண்டியவைதான். `convert_alpha()` இல்லாத படத்தை வரைந்தால் ஒவ்வொரு முறையும் நிற வடிவத்தை மாற்றித்தான் திரையில் ஒட்டுகிறது, அது வீண் வேலை. ஆனால் அது மெதுவைக் குறைக்கும், ஒழிக்காது. வைரஸ் தடுப்பு நிரல் நடுவில் எழுந்து வேலை பார்க்கும், சத்தக் கோப்பை முதல் முறை வட்டில் இருந்து படிக்க வேண்டி வரும். எங்கள் தொழிற்சாலையில் நான் பார்க்கிற கன்ட்ரோலர்களிலும் இதே கதைதான். ஸ்கேன் நேரம் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பி எழுதிய டைமர் ஒருநாள் கை விரிக்கும். சுற்றை எண்ணாதே, கடந்த நேரத்தை எண்ணு.

பென்னாகரம் தம்பிக்கு ஒன்று. கழிப்பது சரி. ஆனால் `if` இருக்கும் வரை பாதிதான் சரி. ஒரு சுற்று 260 எடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்.

பென்னாகரத்தான் · ஜூலை 5, இரவு 8:55

போட்டுப் பார்த்தேன். படம் 2-இல் இருக்கிறோம், மிச்சம் 60 என்று வைத்துக்கொள்வோம். 260 மில்லிசெகண்ட் சுற்று ஒன்று வருகிறது. மொத்தம் 320. `if` ஒரு தடவைதான் கழிக்கும்: படம் 3, மிச்சம் 220. அடுத்த சுற்று 16-தான் எடுத்தாலும் கையில் 236 இருப்பதால் உடனே படம் 4. அதற்கடுத்த சுற்றில் 152, உடனே படம் 5. அதாவது திரை உறைந்து நிற்கிறது, பிறகு துடுப்பு படபடவென்று ஓடிப்போய்ச் சமன் செய்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எல்லாச் சுற்றுமே 100-க்கு மேல் எடுக்கிற கணினி என்றால் மிச்சம் ஏறிக்கொண்டே போகும், சமனே ஆகாது.

`while` போட்டால் அதே சுற்றுக்குள் மூன்று முறை கழிகிறது. படம் 5, மிச்சம் 20. திரையில் 3-ம் 4-ம் தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் துடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது.

```python
dt = clock.tick(60)
self.micham += dt
while self.micham >= 100:
    self.micham -= 100
    self.padam = (self.padam + 1) % 8
```

இதைத்தான் வைத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ · ஜூலை 5, இரவு 11:30

எனக்கும் இதே பிரச்சினை. கல்யாண வீடியோ எடிட் பண்ணும்போது போனில் எடுத்த கிளிப்பைச் சேர்த்தால் போகப் போகப் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஃபிரேம் விட்டுப் போகிறது என்கிறார்கள். பைத்தானில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 6, காலை 7:50

உங்களுடையது வேறு பிரச்சினை, ஆனால் பக்கத்து வீடு. போன் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் இடைவெளியை மாற்றிக்கொண்டே எடுக்கும். எடிட்டிங் மென்பொருள் அதை ஒரே இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் சத்தம் விலகும். `ffmpeg` கொண்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் பண்ணுங்கள்:

```
ffmpeg -i clip.mp4 -r 25 -c:a copy out.mp4
```

உங்கள் புராஜெக்ட் 25 இல்லை என்றால் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு மண்டி · ஜூலை 6, மதியம் 2:15

சரி, நேரத்தை எண்ண வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மிச்சம், கழித்தல், `while` எல்லாம் எதற்கு? பைகேம் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று அதுவே சொல்கிறதே. ஒரே வரி:

```python
padam = pygame.time.get_ticks() // 100 % 8
```

எந்தச் சுற்று எவ்வளவு எடுத்தாலும் படம் சரியாக இருக்கும். மிச்சமும் இல்லை, மறதியும் இல்லை.

பென்னாகரத்தான் · ஜூலை 6, இரவு 9:05

இது அழகான வரி. அருவி விழுகிற அசைவுக்கும் கரையில் எரிகிற மீன் வறுவல் அடுப்புக்கும் இதையே வைத்துக்கொண்டேன், அவை எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுபவை.

துடுப்புக்கு ஒத்து வரவில்லை. பொத்தானை அழுத்தினால் துடுப்பு வேகமாகி ஒரு படத்துக்கு 80 ஆக வேண்டும். விளையாட்டு தொடங்கி 100000 மில்லிசெகண்ட் ஆனபோது அழுத்துகிறோம் என்று வையுங்கள். 100-ஆல் வகுத்தால் 1000, அதில் எட்டால் வரும் மீதி 0, முதல் படம். அதே நொடியில் 80-ஆல் வகுத்தால் 1250, மீதி 2. வேகம் மாறிய கணத்தில் துடுப்பு இரண்டு படம் தாவிவிடுகிறது. விளையாட்டை நிறுத்தி வைத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது, திரும்ப வரும்போது துடுப்பு வேறெங்கோ இருக்கும். மிச்சம் வைத்திருக்கும் முறையில் வேகம் மாறினாலும் படம் அதே இடத்தில் நின்று, அங்கிருந்து தொடர்கிறது.

பாலக்கோடு மண்டி · ஜூலை 6, இரவு 9:40

தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாமே.

பென்னாகரத்தான் · ஜூலை 6, இரவு 9:52

கழிக்கலாம் அண்ணா. நிறுத்திய நேரத்தையும் குறிக்க வேண்டும், வேகம் மாறிய நேரத்தையும் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்துக்கொண்டே போனால் கடைசியில் மிச்சத்தைத்தான் வேறு பெயரில் வைத்திருப்போம்.

பென்னாகரத்தான் · ஜூலை 7, இரவு 10:10

ஒரு சந்தேகம். `clock.tick(60)` முழு எண்ணாகத்தான் தருகிறது. உண்மையில் 16.7 ஆனதை 16 என்று சொன்னால் அந்த 0.7 சேர்ந்து சேர்ந்து பெரிய நழுவல் ஆகாதா? இன்னொன்று, 60 கேட்டேன், `get_fps()` 62.5 காட்டுகிறது.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 8, காலை 8:00

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 1000-ஐ 60-ஆல் வகுத்தால் 16.66. பைகேம் அதைத் தசமத்தை வெட்டி 16 என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறது. 1000-இல் 16 போனால் 62.5. அதனால்தான் அந்த எண்.

முதலாவது நல்ல சந்தேகம், ஆனால் பயம் வேண்டாம். `tick` ஒவ்வொரு சுற்றையும் தனியாக அளந்து வெட்டித் தருவதில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறது, போன தடவை பார்த்த எண்ணைக் கழித்துத் தருகிறது. எல்லா `dt`-யையும் கூட்டினால் நடுவில் உள்ளவை அடிபட்டு, கடைசி எண்ணில் முதல் எண் போக மிச்சம்தான் நிற்கும். எத்தனை மணி நேரம் ஓடினாலும் நழுவல் ஒரு மில்லிசெகண்டைத் தாண்டாது.

அரூர் டீச்சர் · ஜூலை 9, மாலை 6:25

வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பாடத்தில் பைத்தான் இருப்பதால் இந்த இழையைப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு குழு இதை வைத்து இரண்டு பேர் போட்டி போடும் பரிசல் விளையாட்டு எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் இரண்டு வகைக் கணினிகள். புதியதில் பரிசல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாகப் போகிறது. துடுப்பு அசைவு மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது, அதை நிறுத்துக் கடிகாரம் வைத்தே பார்த்துவிட்டோம். மானிட்டர் வேறு வேறு என்பதால் இருக்குமோ என்று நினைக்கிறேன். மானிட்டர் வேகத்தை நிரலில் சொல்ல வழி உண்டா?

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 9, இரவு 7:15

டீச்சர், மானிட்டராக இருக்காது. துடுப்பு ஒரே வேகம், பரிசல் வேறு வேகம் என்று பிரித்துப் பார்த்தது நல்ல வேலை, தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு கணினியிலும் `print(dt)` போட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள். பரிசலைத் தள்ளுகிற வரிகளையும் போடுங்கள்.

அரூர் டீச்சர் · ஜூலை 10, மாலை 5:50

புதியதில் 16, பழையதில் 44, 45, 46 என்று வருகிறது. வரிகள் இவை. நான்காவது எண் படத்தில்தான் துடுப்பு தண்ணீரில் இறங்குகிறது, அதனால் அங்கே தள்ளுகிறார்கள். அசைவை முன்னேற்றிய பிறகு, `while`-க்கு வெளியே இது வருகிறது:

```python
if self.padam == 4:
    self.vegam += 5
self.x += self.vegam
self.vegam *= 0.95
```

பென்னாகரத்தான் · ஜூலை 10, இரவு 8:30

டீச்சர், இதைப் பார்த்ததும் என் நிரலைத் திறந்துவிட்டேன், அங்கே இன்னும் தள்ளுதல் எழுதவில்லை. நல்ல வேளை, இப்போது தெரிந்து எழுதலாம்.

படம் 4 திரையில் 100 மில்லிசெகண்ட் நிற்கிறது. புதிய கணினியில் அந்த நேரத்துக்குள் ஆறு அல்லது ஏழு சுற்று ஓடிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் `if` சரி என்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுகிறது. ஒரு துடுப்பு வீச்சுக்கு ஆறு தள்ளு. பழையதில் இரண்டு, மூன்று. உங்கள் மூன்று மடங்கு இங்கே இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மேலே நான் எழுதிய 260 மில்லிசெகண்ட் சுற்றில் படம் 2-இலிருந்து நேராக 5-க்குப் போனது. 4 வந்தது `while`-க்குள் மட்டும். வெளியே இருக்கும் `if` அதைப் பார்க்கவே இல்லை. பிள்ளை பொத்தானை அழுத்தியிருக்கிறான், துடுப்பு போட்ட மாதிரி தெரிகிறது, பரிசல் நகரவில்லை.

திரையில் எந்தப் படம் தெரிகிறது என்று கேட்கக் கூடாது. எந்தப் படத்தைக் கடந்தோம் என்று கேட்க வேண்டும். கடப்பது `while`-க்குள் நடக்கிறது, தள்ளுவதும் அங்கேதான் இருக்க வேண்டும்:

```python
while self.micham >= 100:
    self.micham -= 100
    self.padam = (self.padam + 1) % 8
    if self.padam == 4:
        self.vegam += 5
```

இப்போது ஒரு வீச்சுக்கு ஒரே தள்ளு, எந்தக் கணினியானாலும். ஆறு தள்ளு ஒன்றாகிவிட்டதால் பரிசல் சோம்பலாகத் தோன்றும், 5-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா பரிசல் ஓட்டுகிறவர். துடுப்பு தண்ணீரைப் பிடிக்கிற அந்த ஒரு இடத்தில்தான் பரிசல் நகரும், மற்றதெல்லாம் கை திரும்பி வருவது என்பார். விளையாட்டிலும் அந்த ஒரு இடத்தைத் தவற விடவே கூடாது என்பது எனக்கு முக்கியம்.

பாலக்கோடு மண்டி · ஜூலை 10, இரவு 9:00

டீச்சர், இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். `self.x += self.vegam` என்று சுற்றுக்கு ஒரு தடவை நகர்த்துகிறீர்கள். பழைய கணினியில் சுற்று குறைவு, அதனால் நகர்வும் குறைவு. `dt`-ஆல் பெருக்குங்கள்: `self.x += self.vegam * dt / 16`. எல்லாம் சமமாகிவிடும்.

அரூர் டீச்சர் · ஜூலை 12, மதியம் 12:40

இரண்டையும் செய்தோம். இப்போது தலைகீழ்! பழைய கணினியில் பரிசல் பறக்கிறது, புதியது பின்தங்குகிறது. பழைய கணினிக்காக வரிசையில் நின்று சண்டை போடுகிறார்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 12, இரவு 7:30

சண்டையை நிறுத்த வேண்டிய வரி `self.vegam *= 0.95`. தண்ணீர் பரிசலை இழுத்துப் பிடிக்கிற வரி அது. சுற்றுக்கு ஒரு தடவை 5 சதவீதம் குறைக்கிறது. புதிய கணினியில் நொடிக்கு 62 தடவை, பழையதில் 22 தடவை. ஒரு நொடி கழித்துப் புதியதில் வேகம் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும், பழையதில் முப்பத்திரண்டு பங்கு. பழைய கணினியில் ஆறு வழவழப்பாக ஆகிவிட்டது.

ஒரே ஒரு தள்ளுக்குக் கணக்கு: வேகம் 5, சுற்றுக்கு 0.95. புதியதில் பரிசல் மொத்தம் 100 பிக்சல் போய் ஓய்கிறது. பழையதில் ஒவ்வொரு சுற்றும் 45/16 மடங்கு நகர்கிறது, ஆனால் தண்ணீர் அதே அளவுதான் பிடிக்கிறது, அதனால் 281 பிக்சல் போகிறது.

மண்டி அண்ணன் சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. நகர்வை நேரத்தோடு கட்டினால் இழுவையையும் நேரத்தோடு கட்ட வேண்டும். ஒன்றைக் கட்டி ஒன்றை அவிழ்த்து விட்டால் இப்படித்தான். முன்பு இரண்டுமே சுற்றோடு கட்டப்பட்டிருந்தன, அதனால் தள்ளுதலை மட்டும் `while`-க்குள் கொண்டுபோயிருந்தால் இரண்டிலும் 100 பிக்சலே வந்திருக்கும். ஆனால் பழையதில் அந்தத் தூரத்தைப் போக மூன்று மடங்கு நேரம் எடுத்திருக்கும்.

இழுவைக்கு: `self.vegam *= 0.95 ** (dt / 16)`.

பாலக்கோடு மண்டி · ஜூலை 12, இரவு 8:05

புரிந்தது. பெருக்குகிற இடத்தில் பெருக்கவும், அடுக்கு போடுகிற இடத்தில் அடுக்கு போடவும் வேண்டும். வட்டிக்கு வட்டி மாதிரி இழுவையும் இருப்பதை மேலிருந்து கீழே போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அரூர் டீச்சர் · ஜூலை 14, மாலை 6:00

மாற்றியாயிற்று. இப்போது பார்வைக்குச் சமம். ஆனால் ஒரு மாணவி விடாமல் பிக்சலை அச்சிட்டுப் பார்த்தாள். ஒரு தள்ளுக்குப் புதியதில் 100, பழையதில் கிட்டத்தட்ட 105. நீளமான ஆற்றில் பழைய கணினிதான் ஜெயிக்கிறது. அந்த 5 எங்கிருந்து வருகிறது?

பென்னாகரத்தான் · ஜூலை 14, இரவு 10:20

அந்த மாணவிக்கு என் வணக்கம். பழைய கணினியில் 45 மில்லிசெகண்ட் முழுவதும் பரிசல் ஒரே வேகத்தில் போய்விட்டு, அப்புறம்தான் மொத்தமாக வேகம் குறைகிறது. உண்மையில் போகப் போகக் குறைய வேண்டும். படி பெரிதாக இருந்தால் தொடக்க வேகத்தில் அதிக தூரம் போய்விடும், அதுதான் 105.

இதற்கு எனக்குத் தோன்றும் வழி, அசைவுக்குச் செய்ததையே ஆற்றுக்கும் செய்வது. 10 மில்லிசெகண்ட் என்று ஒரு நிலையான படி வைத்துக்கொண்டு, கணினி எவ்வளவு எடுத்தாலும் அந்தப் படியிலேயே ஆற்றை ஓட்டுவது:

```python
self.aaru += dt
while self.aaru >= 10:
    self.aaru -= 10
    self.x += self.vegam * 10 / 16
    self.vegam *= 0.95 ** (10 / 16)
```

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு தள்ளுக்கு 99 பிக்சல் வருகிறது. பழையதில் சுற்றுக்கு நாலைந்து படி, புதியதில் ஒன்றோ இரண்டோ. ஆனால் படி ஒன்றே என்பதால் இரண்டிலும் அதே 99.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 15, காலை 8:05

சரியான இடத்துக்கு வந்துவிட்டாய். இரண்டு மிச்சம் வேண்டாம். துடுப்பு அசைவையும் இந்த 10 மில்லிசெகண்ட் படிக்குள்ளேயே போடு, பத்துப் படிக்கு ஒரு படம். அப்போது தள்ளுதல் எந்தப் படியில் விழ வேண்டுமோ அதே படியில் விழும். தனித்தனியாக வைத்தால் பழைய கணினியில் தள்ளு முன்கூட்டியே விழுந்து, அந்தச் சுற்றின் நாலைந்து படியிலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

படத்துக்குப் படம் நேரம் வேறாக இருந்தாலும் இது ஓடும். அஸெப்ரைட்டில் வரைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனி நேரம் கொடுக்கலாம், ஒன்றும் மாற்றாவிட்டால் 100. 100 என்று எழுதிய இடத்தில் அந்தந்தப் படத்தின் நேரத்தை வை. ஒன்றே ஒன்று கவனி: எல்லாப் படத்துக்கும் நேரம் 0 என்று வந்துவிட்டால் `while` வெளியே வராது, ஜன்னல் அப்படியே தொங்கிவிடும். கோப்பைப் படிக்கும்போதே 0-வைத் தடு.

பென்னாகரத்தான் · ஜூலை 16, இரவு 9:30

ஒரே மிச்சத்துக்கு மாற்றிவிட்டேன். ஒரு சின்னக் குறை கண்ணில் படுகிறது. சுற்று 16, படி 10 என்பதால் சில சுற்றில் ஒரு படி, சில சுற்றில் இரண்டு படி. பரிசல் வேகமாகப் போகும்போது லேசாக நடுங்குகிறது. வரையும்போது மட்டும் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டால் நடுக்கம் போகிறது: `self.x + self.vegam * self.micham / 16` என்ற இடத்தில் வரைய வேண்டும், `self.x`-ஐத் தொடக் கூடாது. பாறையில் மோதுகிற சோதனைக்கு `self.x` மட்டும்தான்.

அரூர் டீச்சர் · ஜூலை 17, மாலை 6:40

எங்களுக்கும் இப்போது இரண்டிலும் ஒரே எண். ஆனால் புதுச் சிக்கல். ஒரு பையன் விளையாட்டு ஜன்னலின் தலைப்பைப் பிடித்து இழுத்து நகர்த்தினான். விட்டவுடன் பரிசல் எங்கேயோ பாறைக்குள் இருந்தது.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 17, இரவு 7:45

விண்டோஸில் தலைப்பைப் பிடித்து இழுக்கும்போது உங்கள் சுற்று நின்றுவிடும். விட்டதும் அவ்வளவு நேரமும் ஒரே `dt` ஆக வரும். நாலு நொடி பிடித்திருந்தால் 4000. நாற்பது படம், ஐந்து துடுப்பு வீச்சு, எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிடும். `tick`-க்கு அடுத்த வரியிலேயே மூடி போடுங்கள்:

```python
dt = min(clock.tick(60), 100)
```

அதற்கு மேல் போன நேரம் நடக்கவே இல்லை என்று விட்டுவிடும். அசைவு, ஆறு இரண்டுக்கும் இதே `dt`-தான் போக வேண்டும். ஒன்றுக்கு மூடி போட்டு மற்றதற்கு விட்டால் துடுப்பு ஒரு பக்கம், பரிசல் ஒரு பக்கம்.

பென்னாகரத்தான் · ஜூலை 17, இரவு 10:00

மூடி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. 100-இல்தான் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. 260 எடுக்கிற சுற்று என் கணினியிலேயே வருகிறது, சலசலப்புச் சத்தத்தை முதல் முறை படிக்கும்போது. 100-இல் மூடினால் அந்த 160 காணாமல் போகும். மிச்சத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்றுதானே தொடங்கினோம்? சத்தம் தன் போக்கில் ஓடுகிறது, அது மூடியைப் பார்ப்பதில்லை. பின்னால் ஓடும் மேளத்தோடு துடுப்பு இணைந்து வர வேண்டும் என்று அமைத்திருக்கிறேன், 160 போனால் தாளம் தப்பிவிடும். 500 வைக்கிறேன்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் · ஜூலை 18, காலை 8:15

சத்தத்தை விளையாட்டு தொடங்கும் முன்பே படித்து வைத்துவிட்டால் அந்த 260 வராது. 500 விட்டால் ஐம்பது படி ஒரே சுற்றில். விளையாடுகிறவன் அரை நொடி எதையும் பார்க்காமல் பாறையில் மோதுவான், அது அவனுக்கு அநியாயம்.

பென்னாகரத்தான் · ஜூலை 18, இரவு 9:15

சத்தத்தை முன்பே படிக்கிறபடி மாற்றிவிட்டேன், அது சரி. மூடி மட்டும் இன்னும் 500. மேளத்தை விட்டுப் பிரிய மனமில்லை.

அரூர் டீச்சர் · ஜூலை 19, மாலை 5:30

எங்கள் போட்டியில் முடிவு நேரத்தை வைத்துத்தான் வெற்றி. மூடி போட்டால் சிக்கிய கணினியில் விளையாட்டு நேரம் குறைவாகவும் சுவர்க் கடிகார நேரம் அதிகமாகவும் வருகிறது. எதை எழுதுவது என்று பிள்ளைகளே இரண்டு கட்சியாகிவிட்டார்கள். நான் விளையாட்டு நேரத்தின் பக்கம். கணினி சிக்கியது விளையாடியவரின் குற்றமில்லை.

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ · ஜூலை 19, இரவு 10:50

`ffmpeg` வேலை செய்தது, வாயும் பேச்சும் சேர்ந்துவிட்டன. பரிசல் விளையாட்டு முடிந்ததும் போடுங்கள். ஆற்றில் தண்ணீர் கூடினால் பரிசலுக்குத் தடை வருமே, அதையும் வையுங்கள்.

பென்னாகரத்தான் · ஜூலை 20, காலை 7:10

வைக்கிறேன். தடை வந்தால் பரிசல் கரையில் நிற்கும், அருவி மட்டும் ஓடும். அருவிக்கு மண்டி அண்ணனின் அந்த ஒரு வரியே போதும்.